குழாய் வேண்டாம் என்ற பாட்டி: கதையைப் படித்தவர்கள் அடிக்கடி கேட்ட கேள்விகள்

எலும்பு முறிவு வார்டில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்த பாட்டி ஒருவர் யூரின் டியூப் வேண்டாம் என்று மறுப்பதை வைத்து ஒரு சிறுகதை எழுதினேன். படித்தவர்கள் மாறி மாறி ஒரே சந்தேகங்களைக் கேட்டார்கள். பாதி கதையைப் பற்றி, மீதி அவரவர் வீட்டுப் பெரியவர்களைப் பற்றி. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்துப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். பாட்டி கற்பனைதான், கதையில் வரும் அளவுகளும் நேரங்களும் எந்த வார்டிலும் நடக்கக்கூடியவை.

நான் இன்னும் கதையைப் படிக்கலை. என்ன நடக்குதுன்னு சுருக்கமா சொல்லுங்களேன்?

81 வயதுப் பாட்டி கால் வழுக்கி விழுகிறார். இடது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்துவிடுகிறது. மறுநாள் முதுகில் மயக்க ஊசி போட்டு, உடைந்த பந்து முனையை எடுத்துவிட்டுச் செயற்கை முனையைப் பொருத்துகிறார்கள். காலை 11 மணிக்கு ஆபரேஷன் முடிகிறது. சாயங்காலம் 5 மணி ஆகியும் சிறுநீர் போகவில்லை. நர்ஸ் யூரின் டியூப் தட்டோடு கட்டிலருகே வருகிறார். "அது வேண்டாம்மா" என்கிறார் பாட்டி. மகள் கெஞ்சுகிறாள், டியூட்டி டாக்டர் எடுத்துச் சொல்கிறார், பாட்டி மசியவில்லை. நர்ஸ் தட்டை ஓரமாக வைத்துவிட்டு, "ஏன் பாட்டி?" என்று கேட்கிறார். "எங்க அக்காவுக்குப் போட்டாங்க. போட்டவங்க எடுக்கவே இல்லை" என்று பதில் வருகிறது.

அப்புறம் இருவரும் ஒரு ஒப்பந்தத்துக்கு வருகிறார்கள். சிறுநீர்ப்பையில் எவ்வளவு இருக்கிறது என்று அவ்வப்போது அளந்து பார்ப்பது, அது 500 மி.லி. தாண்டினால் ஒரே ஒரு முறை டியூப் போட்டு வடித்துவிட்டு உடனே எடுத்துவிடுவது. அன்று ராத்திரி பாட்டி தானாகவே போகிறார். இரண்டாம் நாள் ராத்திரி சிக்கல் வருகிறது, ஒப்பந்தப்படி ஒரு முறை டியூப் போடப்படுகிறது. மூன்றாம் நாளிலிருந்து அது தேவைப்படவில்லை.

ஆபரேஷன் இடுப்பு எலும்புல. அதுக்கும் யூரினுக்கும் என்ன சம்பந்தம்? எதுக்கு டியூப்?

முதுகில் போடும் மயக்க ஊசி காலை மட்டும் மரத்துப்போக வைப்பதில்லை. சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்புகளும் தண்டுவடத்தின் கீழ்முனையிலிருந்துதான் கிளம்புகின்றன, அவையும் சேர்ந்து மரத்துப்போகின்றன. கால் அசைய ஆரம்பித்த பிறகும் பை முழுதாக விழித்துக்கொள்ளச் சில மணி நேரம் பிடிக்கும். வலி தெரியாமல் இருக்க அந்த ஊசியிலேயே கொஞ்சம் மார்ஃபின் சேர்த்திருந்தால் இன்னும் தாமதமாகும். இதற்கிடையே சலைன் ஏறிக்கொண்டே இருக்கும். பை நிரம்பும், ஆனால் நிரம்பியது மூளைக்கு எட்டாது. பை அளவுக்கு மீறி விரிந்துவிடாமல் காக்கத்தான் டியூப்.

இன்னொரு காரணமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இடுப்பு உடைந்தவரைத் தூக்கிப் பெட்பேன் வைக்க இரண்டு பேர் வேண்டும். ராத்திரி ஷிஃப்டில் அந்த இரண்டாவது ஆள் எங்கே? டியூப் இருந்தால் அந்த வேலை மிச்சம். இது மருத்துவக் காரணம் ஆகாது. ஆனாலும் டியூப் தொடர்ந்து இருப்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

பாட்டி வெட்கப்பட்டுதான் மறுத்தாங்கன்னு நினைச்சேன். ஏன் அக்கா கதையைக் கொண்டுவந்தீங்க?

மகளும் அப்படித்தான் நினைக்கிறாள். "வெட்கப்படாதேம்மா, இங்க எல்லாரும் லேடீஸ்தான்" என்று தேற்றுகிறாள். பாட்டியின் பயம் வேறு. அவருடைய அக்காவை டியூபோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். எப்போது எடுக்க வேண்டும் என்று தாளில் யாரும் எழுதவில்லை. போட்டவர்கள் வீட்டுக்காரர்கள் கேட்பார்கள் என்று இருந்துவிட்டார்கள், வீட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரியில் சொல்வார்கள் என்று இருந்துவிட்டார்கள். அக்கா காய்ச்சலில் திரும்ப வந்தபோதுதான் டியூப் இன்னும் உள்ளே இருப்பதை ஒருவர் கவனித்தார்.

மறுப்பவர்களுக்கெல்லாம் ஒரே காரணம் இருப்பதில்லை. முன்பு போட்டபோது வலித்தது, ஆண் ஊழியர் போட்டார், திரை இழுத்து மூடவில்லை, இனி தானாகப் போகவே வராதோ என்ற பயம், இப்படிப் பல உண்டு. ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. வலிக்குப் பயந்தவருக்கு மரத்துப்போக வைக்கும் ஜெல் போதும். பாட்டிக்கு அந்த ஜெல்லால் பயனில்லை, அவருக்குத் தேவைப்பட்டது எடுக்கும் நேரம். ஏன் என்று கேட்காமல் இதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

அவங்க வேண்டாம்னு சொன்னா விட்டுடறதா? சிறுநீர்ப்பை வெடிச்சிடாதா?

வெடிக்காது. ஆனால் பையின் தசை கெட்டுப்போகலாம். ஒருவருக்குச் சாதாரணமாக 400 முதல் 600 மி.லி. வரை பிடிக்கும். அதற்கு மேல் பல மணி நேரம் விரிந்தே கிடந்தால் தசை இழுபட்டுச் சுருங்கும் திறனை இழக்கும். அப்புறம் மயக்க மருந்து முழுதாகத் தெளிந்த பிறகும் போகாது, உண்மையிலேயே நாள்கணக்கில் டியூப் தேவைப்படும். நீண்ட நேரம் அடைத்துக்கொண்டால் சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

ஆக, மறுத்தவுடன் பார்க்க வேண்டியது உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான். 5 மணிக்குப் பாட்டிக்கு 280 மி.லி. இருந்தது. அது அவசரம் இல்லை. அதே நேரத்தில் 700 இருந்திருந்தால் என் கதை வேறு மாதிரிதான் போயிருக்கும். நர்ஸ் உட்கார்ந்து "ஏன் பாட்டி" என்று கேட்க அவகாசம் கொடுத்ததே அந்த 280தான்.

அந்த அளவை எப்படிக் கண்டுபிடிச்சாங்க? ஸ்கேன் ரூமுக்குத் தூக்கிட்டுப் போனாங்களா?

இல்லை. கட்டிலருகிலேயே வைத்துப் பார்க்கும் சின்னக் கருவி அது. அடிவயிற்றில், எலும்புக்குச் சற்று மேலே ஜெல் தடவி, கருவியின் முனையை வைத்தால் ஒரு நிமிடத்துக்குள் அளவு வந்துவிடும். வலி, ஊசி எதுவும் கிடையாது. அளவு கொஞ்சம் முன்பின் இருக்கும், அதனால் ஒரு முறைக்கு இரண்டு முறை பார்ப்பது நல்லது. பெண்களுக்குக் கர்ப்பப்பை எடுத்திருந்தால் பல கருவிகளில் ஆண் என்பதைத் தேர்ந்தெடுத்துத்தான் அளக்க வேண்டும். பெண் என்று தேர்ந்தெடுத்தால் கருவி கர்ப்பப்பை இருப்பதாக எடுத்துக்கொண்டு கணக்கிடும். கதையில் நர்ஸ் பாட்டியிடம், "கர்ப்பப்பை எடுத்திருக்கா?" என்று கேட்பது அதற்காகத்தான். பலர் அந்த வரியைத் தேவையில்லாத விசாரிப்பு என்று நினைத்துவிட்டார்கள்.

கருவி இல்லாத இடத்தில் சாதாரண அல்ட்ராசவுண்ட் உதவும். கையால் அழுத்திப் பார்ப்பதை மட்டும் நம்பக் கூடாது. பை நன்றாக நிரம்பிய பிறகுதான் கைக்குத் தட்டுப்படும், பருமனானவர்களுக்கு அதுவும் தெரியாது.

280 இருந்தப்போ இன்னும் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்னு நர்ஸுக்கு எப்படித் தெரிஞ்சுது? சும்மா யூகமா?

கணக்குதான். பாட்டியின் எடை 48 கிலோ. சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்தால் ஒரு கிலோவுக்கு மணிக்கு அரை மி.லி.யாவது சிறுநீர் வர வேண்டும். பாட்டிக்கு அது மணிக்கு 24 மி.லி. குறைந்தபட்ச அளவு இது. சலைன் ஏறும்போது மணிக்கு 50, 60 வரை போகலாம். அதிகபட்சத்தை எடுத்துக்கொண்டால்கூட 2 மணி நேரத்தில் 280 என்பது 400 ஆகும். 500ஐ எட்ட இன்னும் நேரம் இருக்கிறது. அதனால் 7 மணிக்கு மறுபடி பார்ப்பதாக நர்ஸ் சொல்கிறார். 7 மணிக்கு 390 காட்டுகிறது.

500 என்பது கல்லில் செதுக்கிய எண் இல்லை. 400லேயே போட்டுவிடும் வார்டுகள் உண்டு, 600 வரை பொறுப்பவையும் உண்டு. அடிவயிற்றில் வலி, நெளிந்துகொண்டே இருப்பது, காரணமில்லாமல் ரத்த அழுத்தம் ஏறுவது, இதெல்லாம் தெரிந்தால் எண்ணைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

படுத்துக்கிட்டே எப்படிப் போக முடியும்? பெட்பேன் வெச்சா ஆபரேஷன் பண்ண இடம் வலிக்காதா?

வலிக்கும். படுத்தபடி போவது யாருக்குமே கஷ்டம். வாழ்நாள் முழுக்க உட்கார்ந்து போய்ப் பழகிய உடம்புக்கு மல்லாந்து கிடந்தபடி தசையைத் தளர்த்தத் தெரியாது. அதனால் பெட்பேன் வைத்துப் போகவில்லை என்றவுடன், பை வேலை செய்யவில்லை என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. வைத்தே ஆக வேண்டும் என்றால், ஒரு பக்கம் தட்டையாக இருக்கும் பெட்பேன் ஒன்று இருக்கிறது, இடுப்பு உடைந்தவர்களுக்காகவே செய்தது. அதற்கு இடுப்பை அதிகம் தூக்க வேண்டியதில்லை.

கதையில் பயன்பட்டது கமோடு நாற்காலி. 3 மணிக்கே பாட்டியால் இரண்டு பாதங்களையும் மடக்கி நீட்ட முடிந்தது, தொடுவதும் தெரிந்தது. ஏழேகால் மணிக்கு வலி மருந்து வேலை செய்துகொண்டிருந்த நேரமாகப் பார்த்துக் கட்டிலின் ஓரத்தில் உட்கார வைக்கிறார்கள். தலைசுற்றல் இருக்கிறதா என்று கேட்டு, ரத்த அழுத்தம் பார்த்த பிறகே எழுப்புகிறார்கள். பிசியோதெரபிஸ்ட் ஒரு பக்கம், நர்ஸ் ஒரு பக்கம், முன்னால் வாக்கர். நாற்காலி உயரமாக இருக்க வேண்டும். இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, ஆபரேஷன் ஆன கால் உள்பக்கமாகத் திரும்பக் கூடாது. பின்பக்கம் வழியாக ஆபரேஷன் செய்திருந்தால் இந்தக் கட்டுப்பாடு ரொம்ப முக்கியம், மீறினால் மூட்டு நழுவிவிடலாம்.

உட்கார வைத்ததும் எல்லோரும் வெளியே வந்து திரையை மூடுகிறார்கள். மகளையும் நர்ஸ் வெளியே அழைத்துவிடுகிறார், தானும் கூப்பிடும் தூரத்தில் திரைக்கு இந்தப் பக்கம் நிற்கிறார். பத்து நிமிடம் எதுவும் நடக்கவில்லை. அப்புறம் 340 மி.லி. போகிறது. மறுபடி ஸ்கேனில் 70 மீதி. 390 சொச்சத்தில் 340 போய் 70 மிச்சம் என்றால் கணக்கு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. பை வேலை செய்கிறது.

இவ்வளவு பாடு எதுக்கு? டயப்பர் போட்டா முடிஞ்சுதே?

டயப்பர் ஒழுகுவதை உறிஞ்சும், போகாததைப் போக வைக்காது. பாட்டியின் பிரச்சினை போகாதது. அதோடு ஈரத்தில் கிடக்கும் தோல் சீக்கிரம் புண்ணாகும், இடுப்பு ஆபரேஷன் ஆனவருக்கு ஏற்கனவே படுக்கைப்புண் அபாயம் அதிகம். இன்னொரு பெரிய தொல்லை, டயப்பர் நனைந்திருப்பதைப் பார்த்து "போகிறாரே" என்று எல்லோரும் நிம்மதி ஆகிவிடுவது. அது ஏன் தவறு என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

ரெண்டாம் நாள் பாட்டிக்குக் கொஞ்சம் கொஞ்சமா போய்க்கிட்டுதானே இருந்துச்சு? நர்ஸ் ஏன் அவ்வளவு பதறினாங்க?

கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால்தான். அன்று காலையில் 200 மி.லி. போனவர், மதியத்துக்கு மேல் மணிக்கு ஒரு தடவை கேட்கிறார், ஒவ்வொரு முறையும் 50, 60 மி.லி. மட்டும். மகள் சந்தோஷமாக, "நாலு தடவை போயிட்டாங்க சிஸ்டர்" என்கிறாள். நர்ஸ் சிறுநீர் போன உடனே ஸ்கேன் வைக்கிறார். 520. நிரம்பி வழியும் தண்ணீர்த் தொட்டியில் குழாயைத் திறக்காமலேயே விளிம்பில் சொட்டும் அல்லவா, அந்தக் கதைதான். எத்தனை தடவை போனார் என்பதைவிட, போன பிறகு எவ்வளவு மீதி இருக்கிறது என்பதுதான் முக்கியம். 100 மி.லி.க்குள் இருந்தால் நிம்மதி. 200, 300 என்று நின்றால் காரணம் தேட வேண்டும்.

பாட்டிக்கு மூன்று காரணங்கள் சேர்ந்துகொண்டன. வீரியமான வலி மாத்திரை பையையும் குடலையும் மந்தமாக்கியது. விழுந்த நாளிலிருந்து மலம் போகவில்லை, நிறைந்த மலக்குடல் சிறுநீர்ப் பாதையை அழுத்தியது. மூன்றாவது, மகளின் கைப்பை. வலி மருந்தால் உடம்பு அரிக்கிறது என்று பாட்டி சொன்னதும், மகள் தன்னிடம் இருந்த அலர்ஜி மாத்திரையைக் கொடுத்திருக்கிறாள். தூக்கம் வரவைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகள் பையின் சுருக்கத்தை அடக்கும், வயதானவர்களுக்குக் குழப்பத்தையும் கொண்டுவரும். நர்ஸ் கேட்டபோது, "அது சும்மா அரிப்பு மாத்திரைதானே" என்கிறாள் மகள். நோயாளிக்கு வெளியிலிருந்து எது கொடுத்தாலும் வார்டில் சொல்லிவிடுங்கள், தயவுசெய்து.

கடைசியில டியூப் போட்டுட்டீங்களே! அப்போ பாட்டி தோத்துட்டாங்கதானே?

இந்தக் கோபம்தான் எனக்கு அதிகம் வந்தது. பாட்டி மறுத்ததும் பிறகு போட்டதும் ஒரே சாதனம் இல்லை. உள்ளேயே வைக்கும் டியூபின் முனையில் ஒரு சின்ன பலூன் இருக்கும். அதில் தண்ணீர் ஏற்றினால் டியூப் நழுவாமல் பைக்குள் நிற்கும், வெளியே சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பை தொங்கும். ஒரு முறை வடிக்கும் டியூபில் பலூன் கிடையாது. சுத்தம் செய்து, மெல்லிய டியூபை நுழைத்து, வடிந்ததும் வெளியே எடுத்துவிடுவார்கள். பாட்டிக்கு 540 மி.லி. வடிகிறது. நர்ஸ் டியூபை எடுத்து அவர் கண்முன்னே காட்டி, "எடுத்தாச்சு பாட்டி" என்கிறார்.

பாட்டியின் நிபந்தனையே "எடுத்துடணும்" என்பதுதான், அது நிறைவேறியது. தோற்றார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் கடைசிவரை டியூபே இல்லாமல் ஜெயிப்பது போல எழுதியிருந்தால் கைதட்டல் கூடக் கிடைத்திருக்கும். படித்துவிட்டு யாராவது 900 மி.லி.யோடு வீம்பு பிடித்திருந்தால் நான் என்ன பதில் சொல்வது?

உள்ளேயே வெச்சா அப்படி என்ன கெடுதல்? ஒரு வாரம் இருந்துட்டுப் போகட்டுமே?

டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம். ஒரு மாதம் ஆனால் ஏறக்குறைய எல்லோருக்கும் சேர்ந்துவிடும். கிருமி இருப்பதெல்லாம் நோய் ஆகாது, காய்ச்சலோ குளிரோ இல்லாமல் கலங்கலாகத் தெரிகிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் தேவையில்லை. ஆனால் சிலருக்கு அந்தக் கிருமி ரத்தம்வரை போய்விடுகிறது. அதனால்தான் அறுவை சிகிச்சைக்காகப் போட்ட டியூபை, வேறு காரணம் இல்லாவிட்டால், முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை குழப்பமும் நடையும். ஆஸ்பத்திரியில் இருக்கும் முதியவர்களுக்குத் திடீர்க் குழப்பத்தைத் தூண்டும் காரணங்களில் யூரின் டியூபும் ஒன்று. கட்டிலோடு கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும். ராத்திரி எதோ இழுக்கிறதே என்று பலூனோடு பிடுங்கிவிடுவார்கள், ரத்தம் வரும். அப்புறம், டியூப் இருந்தால் எழுந்து போகக் காரணமே இல்லை. இடுப்பு ஆபரேஷன் ஆனவர் அன்றோ மறுநாளோ எழுந்தாக வேண்டும். பாட்டியை முதல் நாளே எழுப்பியது எந்த உடற்பயிற்சி அட்டவணையும் இல்லை, பாத்ரூம் போக வேண்டும் என்ற தேவைதான்.

எங்க அம்மாவுக்கு ஏற்கனவே போட்டாச்சு. எடுக்கச் சொன்னா டாக்டர் கோவிச்சுக்குவாரா?

"எடுங்க" என்று ஆரம்பிக்காமல் கேள்வியாகக் கேளுங்கள். "இது எதுக்காகப் போட்டீங்க டாக்டர்? அந்தக் காரணம் இன்னும் இருக்கா? எப்போ எடுக்கலாம்?" போட்ட தேதியும் எடுக்க வேண்டிய தேதியும் கேஸ் ஷீட்டில் இருக்கிறதா என்று நர்ஸிடம் கேளுங்கள். மறந்துபோன டியூப்தான் அதிகம், பிடிவாதமாக வைத்திருப்பது குறைவு. நினைவுபடுத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

எடுத்த பிறகு 6 மணி நேரத்துக்குள் போகிறாரா என்று பார்க்க வேண்டும். போகும்போது அளக்க வேண்டும், மீதியையும் பார்க்கச் சொல்லுங்கள். பகலில் எடுப்பது நல்லது, உட்கார வைக்க ஆள் இருக்கும். டியூபோடுதான் வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்றால் எடுக்கும் தேதியைத் தாளில் எழுதி வாங்காமல் கிளம்பாதீர்கள். அக்கா கதை அங்கேதான் ஆரம்பித்தது.

பாட்டி தண்ணியே குடிக்காம இருந்தா பிரச்சினையே வராதே?

கதையில் அதையும் முயற்சி செய்கிறார், டம்ளரைத் தலையணைக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார். வேண்டாம். உடம்பு காய்ந்தால் சிறுநீரகம் அடிபடும், மலச்சிக்கல் கூடும், குழப்பம் வரும். மலச்சிக்கல் என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம்.

ரெண்டாம் நாள் ராத்திரி பாட்டி குழம்பிப்போய் நர்ஸை "அக்கா"ன்னு கூப்பிடறாங்க. அப்போ டியூப் போட்டது அவங்க சம்மதத்தோடவா? மகள்கிட்ட கையெழுத்து வாங்கியிருக்க வேண்டாமா?

இருக்கிற கேள்விகளில் இதுதான் கஷ்டமானது. முதல் நாள் சாயங்காலம் பாட்டி தெளிவாக இருந்தார். சொன்னதைப் புரிந்துகொண்டார், போடாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொன்னார், எடை போட்டுப் பார்த்து முடிவு சொன்னார். அந்த நிலையில் இருப்பவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மகள் போடும் கையெழுத்து அதை மாற்றாது. வயதும் மாற்றாது, பிடிவாதக்காரி என்ற பெயரும் மாற்றாது.

இரண்டாம் நாள் ராத்திரி அவர் தெளிவாக இல்லை. அப்படி ஆகலாம் என்று தெரிந்துதான் நர்ஸ் முதல் நாளே அந்த 500 கணக்கைப் பேசி, பாட்டி சொன்ன வார்த்தைகளையே கேஸ் ஷீட்டில் எழுதி வைத்தார்: "தாண்டினால் ஒரு முறை போடலாம், உடனே எடுத்துவிட வேண்டும்." குழம்பிய பாட்டிக்காக முடிவெடுத்தது தெளிவாக இருந்த பாட்டிதான். மகளிடம் கேட்கப்படுவதும் "அம்மா என்ன சொல்லியிருந்தார்" என்பதுதான், "உனக்கு எது வேண்டும்" என்பதில்லை. நர்ஸ் போடுவதற்கு முன் குழம்பியவரிடமும் சொல்லிவிட்டுத்தான் தொடுகிறார். பாட்டி கையைத் தட்டிவிட்டிருந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட்டிருப்பார். பிடித்து அழுத்திக்கொண்டு போடுவது அந்தக் காட்சியில் கிடையாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நிரம்பிய பையே குழப்பத்துக்கு ஒரு காரணம். 540 வடிந்து, அலர்ஜி மாத்திரையை நிறுத்திய பிறகு மறுநாள் காலை பாட்டி பேத்தியின் பரீட்சைத் தேதியைச் சரியாகக் கேட்கிறார். இந்த வகைக் குழப்பம் ஏறி இறங்கும், காலையில் தெளிவாக இருப்பவர் ராத்திரி வேறு ஆளாக இருப்பார். அதனால் தெளிந்ததும் நர்ஸ் நடந்ததைச் சொல்லி, "இனிமேலும் தேவைப்பட்டா இப்படியே செய்யலாமா பாட்டி?" என்று திரும்பக் கேட்கிறார்.

எந்த நிலையில நீங்களே "டியூப் வைக்கத்தான் வேணும்"னு சொல்வீங்க?

ரத்த அழுத்தம் விழுந்து, மணிக்கு மணி சிறுநீரை அளந்தால்தான் சிகிச்சை நடக்கும் என்ற நிலையில். இரண்டு மூன்று முறை வடித்தும் பை திரும்ப 500க்கு மேல் நிரம்பிக்கொண்டே இருந்தால். முதுகெலும்பின் கீழ்முனையில் ஆழமான படுக்கைப்புண் இருந்து, ஒழுகும் சிறுநீர் அதில் படும்போது. கடைசிக் கட்டத்தில் இருப்பவருக்கு ஒவ்வொரு அசைவும் வலித்து, அவரே கேட்டால். இதிலெல்லாம்கூட எடுக்கும் நாளைப் பேசிவிட்டுத்தான் போட வேண்டும். நோயாளி அப்போதும் மறுத்தால் மேலே சொன்ன தெளிவு பற்றிய கேள்விக்குத்தான் திரும்பிப் போக வேண்டியிருக்கும்.

டாக்டரை ஏன் நல்லவராவும் காட்டலை, கெட்டவராவும் காட்டலை?

அவர் அன்று ராத்திரி பல கட்டில்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர். 500 மி.லி. எல்லையை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போடுகிறார், வலி மாத்திரையின் அளவைக் குறைக்கிறார், மலமிளக்கி எழுதுகிறார். கதைக்கு அவரிடம் தேவைப்பட்டது அவ்வளவுதான்.

இதே பாட்டிக்கு வலது இடுப்பும் உடைஞ்சா? மறுபடியும் முதல்லேருந்து சண்டை போடணுமா?

சண்டை போடாமல் இருக்க, ஆபரேஷனுக்கு முன்பே மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்: போன முறை இரண்டாம் நாள் அடைத்துக்கொண்டது, ஒரு முறை வடிக்க வேண்டியிருந்தது, 540 மி.லி. வந்தது. முதுகு ஊசியில் மார்ஃபின் சேர்க்காமல், தொடை நரம்பருகே மரத்துப்போகும் ஊசி போட்டு வலியைக் குறைக்க முடியுமா என்று அவர் யோசிப்பார். தியேட்டருக்குப் போகும் முன் பையைக் காலி செய்வது, முதல் நாளிலிருந்தே மலமிளக்கி, கைப்பை மாத்திரைகளுக்குத் தடை, முதல் ஸ்கேனுக்கு ஒரு நேரம், இவற்றையும் அப்போதே பேசி எழுத வைத்துவிடலாம். பாட்டியின் டிஸ்சார்ஜ் தாளில் இந்த விவரம் ஒரு வரியாக இருக்கிறது. மகள் அதை போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள்.